டின் எவ்வளவு, மாவு எவ்வளவு?

வீட்டில் சுட்ட பிரெட் தட்டையாக வந்தால் பழி முதலில் ஈஸ்ட்டின் மேல்தான் விழுகிறது. அடுத்த முறை ஈஸ்ட்டைக் கூட்டிப் போடுவார்கள், இல்லையென்றால் இன்னும் ஒரு மணி நேரம் பொங்க விடுவார்கள். பல வீடுகளில் ஈஸ்ட்டிலும் பிசைந்த விதத்திலும் எந்தக் குறையும் இருக்காது. டின் பெரியது, அதில் போட்ட மாவு குறைவு, அவ்வளவுதான்.

கடையில் டின்னைச் சொல்லும் விதமே குழப்பத்துக்கு முதல் காரணம். 'அரை கிலோ டின்' என்று வாங்குவது பெரும்பாலும் கேக் கணக்கு. இங்கிலாந்தில் '2 பவுண்டு டின்' என்ற ஒரே பெயரில் விற்கும் டின்களில்கூட ஒரு நிறுவனத்தின் டின்னுக்கும் இன்னொன்றின் டின்னுக்கும் கொள்ளளவு வேறுபடும். அதனால் பெயரை நம்பாமல் டின்னையே அளந்துவிடுவது நல்லது.

அளப்பது எளிது. காலி டின்னைத் தராசில் வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலிட்டர். தராசு 1,365 கிராம் காட்டினால் டின்னின் கொள்ளளவு 1,365 மி.லி. மூலைகள் மடித்துச் செய்த டின் ஒழுகும். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக்கொள்ளலாம், அல்லது ஸ்கேலால் அளக்கலாம். மேல் விளிம்பு 22-க்கு 11 செ.மீ., அடிப்பாகம் 20-க்கு 9, உயரம் 6.5 என்று வைத்துக்கொள்வோம். பக்கங்கள் சரிவாக இருப்பதால் மேலுக்கும் கீழுக்கும் சராசரி எடுக்க வேண்டும்: 21 × 10 × 6.5. வருவது அதே 1,365.

இனி வகுத்தல். மூடியில்லாத டின்னில், மேலே வளைந்து எழும் மைதா பிரெட்டுக்கு 2.5-ஆல் வகுத்துத் தொடங்கலாம். 1,365-ஐ 2.5-ஆல் வகுத்தால் 546. பிசைந்த மாவு மொத்தம் அத்தனை கிராம் இருக்க வேண்டும். மைதா 307 கிராம், தண்ணீர் 200, சர்க்கரை 15, வெண்ணெய் 15, உப்பு 6, ஈஸ்ட் 4 என்று எடுத்தால் ஏறக்குறைய அந்த எடை வந்துவிடும். உருட்டி டின்னில் வைத்ததும் அது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிக இடம் பிடிக்கும். நடுப்பகுதி விளிம்புக்கு மேல் இரண்டு செ.மீ. எழுந்ததும் ஓவனுக்குள் போகலாம்; மீதி உயரத்தைச் சூடு பார்த்துக்கொள்ளும்.

கோதுமை மாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதிலுள்ள தவிடு, காற்றைப் பிடித்துவைக்கும் குளூட்டன் இழைகளை அறுத்துவிடுகிறது. எவ்வளவு பொங்க விட்டாலும் மைதாவின் உயரம் வராது. முழுக் கோதுமை என்றால் 2-ஆல் வகுக்க வேண்டும். அதே டின்னுக்குச் சுமார் 680 கிராம் ஆகும்.

மூடி போட்ட டின்னில் கணக்கு எதிர்ப்பக்கம் போகிறது. மாவு வெளியே எழ வழியில்லை; டின்னுக்குள்ளேயே முழுவதும் விரிய வேண்டும். ஜப்பானின் ஷோக்குபான் என்ற சதுர பிரெட்டுக்கு அங்குள்ள பேக்கரிகள் ஒரு கிராம் மாவுக்கு ஏறத்தாழ 4 மி.லி. இடம் விடுகின்றன. அவர்கள் எடுப்பது புரதம் கூடிய பிரெட் மாவு. நம் மைதாவில் புரதம் அதைவிடக் குறைவு என்பதால் 3.5-இல் தொடங்குவதே பாதுகாப்பு. அப்படியானால் 390 கிராம். சரியாக அமைந்ததா என்பதை மேல் ஓரங்கள் சொல்லும். ஓரத்தில் மெல்லிய வெளிர்க்கோடு தெரிந்து, முனை லேசாக வளைந்திருந்தால் அளவு கச்சிதம். முனை கத்திபோல் கூர்மையாக இருந்தால் மாவு அதிகம், அல்லது பொங்கவிட்ட நேரம் அதிகம். மூலைகள் மூடியைத் தொடவே இல்லையென்றால் மாவு போதவில்லை.

அளவு தவறும்போது நடப்பதில் மோசமானது, குறைந்த மாவைப் பெரிய டின்னில் போட்டுவிட்டு அது விளிம்பைத் தொடும் வரை காத்திருப்பதுதான். அந்த உயரத்துக்கு இழுபட்ட மாவில் வலு மிஞ்சியிருக்காது. ஓவனில் நடு அமுங்கும், உள்ளே பெரிய ஓட்டைகள், புளிப்பு வாடை. மாவு அதிகமானாலோ விளிம்பைத் தாண்டிக் குடைபோல் பிதுங்கும். மேலே சிவந்த பிறகும் நடுவில் ஈரப் பிசுக்கு இருக்கும், ஆறியதும் பக்கங்கள் உள்வாங்கும். மிஞ்சும் மாவைத் திணிக்காமல் இரண்டு பன்னாக உருட்டித் தனியே சுட்டுவிடலாம்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற 2,000 மீட்டருக்கு மேலான ஊர்களில் காற்றழுத்தம் குறைவு. மாவுக்குள் இருக்கும் வாயு அதிகம் விரியும். சமவெளியில் சரியாக வந்த எடை அங்கே டின்னைத் தாண்டலாம். முதல் முறை 2.5-க்குப் பதில் 2.8-ஆல் வகுத்துப் பார்த்து, வந்த உயரத்தையும் மாவின் எடையையும் குறித்து வைத்துக்கொண்டால், அடுத்த முறை இருபது முப்பது கிராம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துவிடலாம்.