வால்வின் அடியில் கசியும் காற்று

ஊரில் சைக்கிள் ஓட்டிய நேயர்கள் ‘வால் டியூப்’ என்னும் சிறு ரப்பர்க் குழாயை மறந்திருக்க மாட்டார்கள். சக்கரத்தில் காற்று இறங்கினால், வால்வின் வாயில் சிறிது எச்சிலைத் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே அக்காலத்தில் முதற் சோதனை. டியூப் இல்லாத டயர் பூட்டிய கார்களுக்கு வந்த பின்னர் நாம் அவ்வழக்கத்தைக் கைவிட்டோம். அதன் பயனைத் தளேகாவில் அனுபவித்தோம்.

எமது காரின் நான்கு டயர்களிலும் ஒரு ஞாயிறன்று 33 பவுண்டு காற்று அடைத்தோம். மறு ஞாயிறு காலையில், வண்டி கிளம்புமுன் அளந்தபோது, மூன்று டயர்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. பின்பக்க இடது டயர் மட்டும் 27 காட்டியது. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு தானே குறைவது இயல்பு. வாரத்தில் ஆறு குறைவது இயல்பன்று. பஞ்சர் கடையில் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்த்தனர். ஆணியும் இல்லை, குமிழியும் இல்லை. மற்றொரு கடையிலும் அதே விடை. வாரந்தோறும் காற்றடைப்பதே வேலையாயிற்று.

குற்றம் வால்வில் இருந்தது. சக்கரத்தின் துளையில் ரப்பர்த் தண்டு செருகப்பட்டிருக்கிறது. தண்டினுள் பித்தளைக் குழாயும், அதனுள் வில்லோடு கூடிய ‘பின்’னும் உள்ளன. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் நாளடைவில் ரப்பரை வெடிக்கச் செய்யும். தண்டு துளையை விட்டு வெளிவரும் இடமே இழுபடும் இடமாதலால், வெடிப்பும் பெரும்பாலும் அங்கேதான் தோன்றும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது தண்டு அச்சிலிருந்து விலகி வளைகிறது. வெடிப்பு வாய் திறந்து காற்றை விடுகிறது. வண்டி நின்றதும் தண்டு நிமிர, வெடிப்பும் மூடிக்கொள்கிறது. தொட்டியில் அசையாது கிடக்கும் சக்கரத்தில் குமிழி எழாததன் காரணம் இதுவே. மேலும், தேடுபவர் கண் ஆணி தைக்கும் டயர்ப் பரப்பிலேயே இருக்கும். ஓடிய டயர் சூடேறி மூன்று நான்கு பவுண்டு கூடுதலாகக் காட்டுவதால், பயணத்தின் நடுவே அளப்பவரும் ஏமாறுவர்.

சோதனை எளிது. மூடியைக் கழற்றி வால்வின் வாயில் ஒரு துளி சோப்பு நீர் விடுக. குமிழி மெல்ல உப்பினால் குற்றம் பின்னில் உள்ளது. உப்பாவிடில் தண்டின் அடியைச் சுற்றி அந்நீரைத் தடவி, தண்டை விரலால் நாற்புறமும் வளைத்துப் பார்க்க வேண்டும். எமது சக்கரத்தில் ஒரு பக்கம் வளைத்தபோது மட்டும் நுரை பொங்கியது. ரப்பரில் மயிரிழை போன்ற கோடுகளும் தெரிந்தன.

பின்னை மாற்ற டயரைக் கழற்ற வேண்டியதில்லை. காற்றை விட்டு, அதற்குரிய திருகியால் இடப்புறம் திருப்பி எடுத்து, புதியதை மெல்ல இறுக்கினால் போதும். பலமாக முறுக்கினால் அடைப்பு ரப்பர் நசுங்கும். தண்டை மாற்றவோ டயரின் ஒரு பக்கத்தைச் சக்கரத்திலிருந்து நெகிழ்த்தியாக வேண்டும். பழைய தண்டை அறுத்தெடுத்து, துளையின் விளிம்பிலுள்ள துருவைத் தேய்த்து நீக்குவர். புதிய தண்டைச் சோப்பு நீரில் நனைத்து உள்ளிருந்து வெளியே, அதன் பள்ளம் விளிம்பைக் கவ்வும் வரை, நேராக இழுப்பர். எண்ணெயோ கிரீசோ தடவலாகாது. அவை ரப்பரைக் கெடுக்கும். காற்றடைத்த பின் வளைத்துப் பார்க்கும் சோதனையை மீண்டும் செய்க. கடையில் ‘வால்வ் பதலா’ என்று மராத்தியில் சொன்னால் போதும். சக்கரத்தில் காற்றழுத்த உணர்கருவி இருந்தால் முன்னரே சொல்லிவிடுக. அதன் தண்டு வேறு வகை.

மூடியைப் பலர் அலங்காரமாக எண்ணுகின்றனர். அதன் தொழில் புழுதியும் மழைச் சேறும் பின்னில் புகாமல் காப்பது. ரப்பர் வளையம் உள்ள மூடி, பின் சிறிது கசிந்தாலும் தாங்கும். ஆயினும் வெடித்த தண்டுக்கு அது மருந்தாகாது. அலுமினியத் தண்டின்மேல் பித்தளை மூடி இட்டால் அரிப்பேறி ஒட்டிக்கொள்ளும்; பிளாஸ்டிக் மூடியே ஏற்றது.

புதிய தண்டும் சில சமயம் ஏமாற்றும். சீனத்தில் 2006இல் செய்யப்பட்ட ரப்பர் வால்வுகள் சில மாதங்களிலேயே வெடித்ததால், 2008இல் அமெரிக்காவில் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஆகவே, புதிய டயர் போடும்போதெல்லாம் தண்டையும் மாற்றுவதோடு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை வளைத்துப் பார்ப்பதும் நன்று. மும்பை விரைவுச்சாலையில் ஏறுமுன் அச்சோதனைக்கு ஐந்து நிமிடமே செல்லும். காற்றுக் குறைந்த டயர், வேகத்தில் சூடேறிப் பிளக்கக்கூடும் அன்றோ?