முழங்காலை மடக்கினால் கெண்டைக்காலில் என்ன மாறுகிறது?

ஜிம்மில் குதிகாலை உயர்த்தும் பயிற்சியை நின்றும் செய்கிறார்கள், உட்கார்ந்தும் செய்கிறார்கள். அசைவது இரண்டிலும் கணுக்கால்தான். ஆனால் சதைக்குச் சேரும் வேலை ஒன்றல்ல.

கெண்டைக்காலில் முக்கியமான தசைகள் இரண்டு. வெளியே புடைத்துத் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். அதன் அடியில் தட்டையாகப் படிந்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே அக்கிலிஸ் தசைநாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பைப் பிடிக்கின்றன. வேறுபாடு மேல்முனையில் இருக்கிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழே, கால் எலும்புகளிலேயே தொடங்கிவிடுகிறது. காஸ்ட்ராக்னீமியஸோ முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பின் அடிமுனையில் தொடங்குகிறது.

அதனால் முழங்காலை மடக்கும்போது காஸ்ட்ராக்னீமியஸின் இரு முனைகளும் நெருங்கி, அது கொடிக்கயிறு போலத் தளர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே குறுகிவிட்ட தசையால் மேலும் சுருங்கிப் பெரிய விசை தர முடியாது. சோலியஸுக்கு முழங்கால் எப்படி இருந்தாலும் ஒன்றுதான். பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல் விழுகிறது.

இதைக் கேட்டதும், 'நின்று செய்தால் ஒரு தசை, உட்கார்ந்து செய்தால் மற்றது' என்று பலர் பிரித்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. நிற்கும்போதும் சோலியஸ் உழைக்கிறது. 2023இல் ஜப்பான் ஆய்வாளர்கள் 14 பேரை 12 வாரம் ஒரு காலை நீட்டியும் மறுகாலை மடக்கியும் பயிற்சி செய்ய வைத்தார்கள். காஸ்ட்ராக்னீமியஸ் நீட்டிய காலில் ஏறக்குறைய 9 முதல் 12 சதவீதம் பெருத்தது; மடக்கிய காலில் 2 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. சோலியஸோ இரு கால்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில், 2, 3 சதவீதம்தான் வளர்ந்தது.

வீட்டில் உட்கார்ந்து செய்பவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது எடையில். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்தினால் கிட்டத்தட்ட அந்த 60 கிலோவும் முன்பாதத்தில் இறங்குகிறது. அவரே நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே உயர்த்தினால், தூக்குவது காலின் எடையில் ஆறேழு கிலோ மட்டுமே. தொடையில், முழங்காலை ஒட்டிக் கனமாக எதையாவது வைக்காவிட்டால் சோலியஸுக்கு அது பயிற்சியே ஆகாது.

நின்றபடி முழங்காலை மடக்கிச் செய்பவர்களுக்கு வேறு சிக்கல். குதிகால் ஏற ஏற, தெரியாமலே முழங்கால் நிமிர்ந்துவிடும். உடலைத் தூக்கும் வேலையைத் தொடைத் தசை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முழங்காலின் மடிப்பு ஏறும்போதும் இறங்கும்போதும் மாறாமல் இருக்க வேண்டும்.

ஓடும்போது பாதம் தரையில் ஊன்றும் வேளையில் முழங்கால் மடங்கியே இருக்கிறது. அப்போது சோலியஸ் தாங்கும் விசை உடல் எடையைப் போலப் பல மடங்கு. ஆகவே ஓடுபவர்கள் இரண்டையும் செய்யட்டும், மடக்கிச் செய்வதைப் போதிய எடையோடு செய்யட்டும். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்கள் காலை நீட்டி நின்றே செய்யுங்கள். அதில் இரண்டு தசைகளுக்கும் வேலை கிடைத்துவிடும்.