ஊர்களைச் சேர்க்கும் கோடு, தலைப்பைப் பிரிக்கும் கோடு

மதுரை-போடி ரயில் நேரம் - கட்டணம் - தென்மாவட்டச் செய்திகள்

இணையப் பக்கம் ஒன்றுக்கு இப்படித் தலைப்பு வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இடங்களில் ஒரே கோடுதான், ஆனால் வேலை மூன்று. முதல் கோடு இரண்டு ஊர்களைச் சேர்க்கிறது. அடுத்தது ஒரே பக்கத்தில் உள்ள இரண்டு விஷயங்களைப் பிரிக்கிறது. கடைசிக் கோட்டுக்கு அப்பால் இருப்பது தளத்தின் பெயர். எது பெரிய பிரிவு, எது சின்னப் பிரிவு என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதையே இப்படி எழுதலாம்:

மதுரை-போடி ரயில்: நேரம், கட்டணம் | தென்மாவட்டச் செய்திகள்

ஹைஃபன் இப்போது ஊர்ப்பெயர்களுக்கு இடையில் மட்டும் நிற்கிறது. உள்ளே இருக்கும் பிரிவுகளை முக்காற்புள்ளியும் காற்புள்ளியும் பார்த்துக்கொள்கின்றன. பைப் எனப்படும் நெடுங்கோடு வந்ததும் செய்தி முடிந்துவிட்டது, இனி தளத்தின் பெயர்தான் என்று தெரிந்துவிடும். அதன் இருபுறமும் இடைவெளி கட்டாயம் வேண்டும். ஆங்கிலத் தலைப்பில் இடைவெளி இல்லாமல் ஒட்டிவிட்டால் அது l, I போன்ற எழுத்தாகவே தெரியும்.

பைப் இடத்தை மிச்சப்படுத்துகிறது என்பார்கள். ஏரியல் எழுத்துருவில் பெரிய டேஷின் அகலத்தில் ஹைஃபன் மூன்றில் ஒரு பங்கு, பைப் கால் பங்குதான். தேடல் முடிவில் இடம் போதாவிட்டால் கூகுள் தலைப்பின் வாலை வெட்டிவிடுவதால் இந்தக் கணக்கு பிறந்தது. எனக்கென்னவோ இந்த மிச்சம் பெரிதாகத் தெரியவில்லை. தளத்தின் பெயரைக் கடைசிக்குத் தள்ளினாலே போதும், வெட்டுப்படுவது அதுவாக இருக்கும். தவிர, நாம் போட்ட பைப்பை கூகுள் ஹைஃபனாக மாற்றிக் காட்டுவதும் உண்டு. அப்படி மாறினாலும் மேலே திருத்திய தலைப்பு குழம்பாது. ஊர்ப்பெயருக்குள் இருக்கும் கோட்டுக்கு இடைவெளி இல்லை, இதற்கு உண்டு.

காதால் படிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்க்ரீன் ரீடர், அமைப்பைப் பொறுத்து, பைப்பை "வெர்ட்டிகல் பார்" என்று வாய்விட்டே சொல்லும். ஒரு தலைப்பில் நான்கு பைப் இருந்தால் நான்கு முறை கேட்க வேண்டும். பைப் போடுவதானால் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டேஷ் பார்க்க அழகு. ஆனால் எழுத்துக் குறியாக்கம் பொருந்தாத பழைய மென்பொருளில் அது â€“ என்று சிதைந்துவிடும். ஹைஃபனுக்கும் பைப்புக்கும் இந்தத் தொல்லை கிடையாது.

பெயர்களுக்குள் ஹைஃபன் அதிகம் வராத தளமென்றால், இடைவெளி விட்ட ஹைஃபனே போதும். விக்கிப்பீடியா அதைத்தான் வைத்திருக்கிறது. அந்தத் தலைப்பையே கோப்பின் பெயராகவும் வைக்கலாம். விண்டோஸில் கோப்புப் பெயருக்குள் பைப் குறிக்கு அனுமதி இல்லை.