கூழோடு கடல் கடந்த குடும்பம்: ஒரு திரைக்கதை அமைப்பு

1983 கலவரத்துக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோவுக்குக் குடிபெயரும் குடும்பத்தின் கதைக்கு ஒடியல் கூழ் பொருத்தமான கரு. பனங்கிழங்கை உலர்த்தி இடித்த ஒடியல் மாவில் இயல்பாகவே கசப்பு உண்டு. அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்த பிறகே மீன், நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை வெந்த குழம்பில் கரைப்பார்கள். கதையின் முடிச்சு இந்தக் கசப்புதான்.

முதல் காட்சியில் அம்மம்மா மாவு ஊறிய நீரை வடிக்கிறார். யாரும் அதைக் கவனிப்பதில்லை. இரண்டாவதில் பயணப் பெட்டிக்குள் மாவுப் பொட்டலம் ஏறுகிறது. மூன்றாவதில், பனிக்கால டொராண்டோவில் மகள் காய்ச்சிய கூழைப் பேரன் ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைக்கிறான். நான்காவது, தொலைபேசி. “மாவை ஊறப் போட்டனியே, பிள்ளை?” என்கிறார் அம்மம்மா. மகளிடம் பதில் இல்லை. கடைசிக் காட்சியில் பேரன் இரண்டாவது முறை கிண்ணத்தை நீட்டுகிறான்.

திரைக்கதையில் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவதை மட்டுமே எழுத முடியும். “ஊர் ஞாபகம் வருகிறது” என்று பாத்திரமே சொன்னால் காட்சி தளரும். முதல் காட்சியில் நீரை வடிப்பதைக் காட்டத் தவறினால், தொலைபேசிக் கேள்வி பார்வையாளருக்கு விளங்காது.