34 ஸ்லைடுகளும் ஒரு பக்கமும்

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை 41-லிருந்து 17-ஆகக் குறைந்துவிட்டது. இப்படியே போனால் வகுப்பை மூட வேண்டியதுதான் என்ற நிலை. டெக்னோபார்க்கில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இருவர் முயன்று, 34 ஸ்லைடுகளில் ஒரு விளம்பரத் திட்டம் தயாரித்தார்கள். செயற்குழு பார்த்துப் பாராட்டி, பணமும் ஒதுக்கியது. அந்த 34 ஸ்லைடுகளையும் அப்படியே கொச்சியிலுள்ள ஒரு வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பிவிட்டோம்.

பத்து நாளில் போஸ்டர் வந்தது. கோபுரம், பரதநாட்டியப் பெண், ஜல்லிக்கட்டுக் காளை என்று கண்ணைப் பறித்தது. அதைப் பார்த்த ஒரு தாயார், "பொங்கல் விழா நோட்டீஸா சார்?" என்று கேட்டார்!

தவறு அவர்களுடையது அல்ல, நம்முடையதுதான். ரயில்வேயில் மேலிடத்துக்கு எஸ்டிமேட் அனுப்பும்போது, வேலை ஏன் தேவை என்று பக்கம் பக்கமாக எழுதுவோம். காண்டிராக்டருக்கு அதைக் கொடுப்பதில்லை. வரைபடமும் வேலை அட்டவணையும்தான் கொடுப்போம். ஸ்லைடுகள் பணம் ஒதுக்குபவர்களைச் சம்மதிக்க வைக்க எழுதப்பட்டவை. படம் வரைபவருக்கு வேண்டியது வேறு. அதை விளம்பரத் துறையில் 'கிரியேட்டிவ் பிரீஃப்' என்கிறார்கள். அதை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

முதலில் ஸ்லைடுகளை அச்சிட்டு மேஜையில் பரப்பினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் 'முடிவு', 'காரணம்', 'தகவல்' என்று ஏதாவது ஒன்றைப் பென்சிலால் குறித்தேன். முடிவு என்று தேறியவை ஆறுதான். ஏழாவது ஸ்லைடில் இருந்த 'நம் பாரம்பரியம்' என்ற அலங்கார வரிதான் கோபுரமாகவும் காளையாகவும் மாறியிருந்தது. ஆனால் 19-ஆவது ஸ்லைடில் ஒரு மூலையில் நல்ல விஷயம் ஒன்று ஒளிந்திருந்தது. நாம் விசாரித்த 40 குடும்பங்களில் 27 பேர், "பிள்ளை தமிழ் பேசுவான், பாட்டி அனுப்பும் செய்தியை மட்டும் படிக்கத் தெரியாது" என்று சொல்லியிருந்தார்கள்.

பிரீஃபின் உயிர் அதுதான். யாருக்குச் சொல்கிறோம், அவர்கள் இப்போது என்ன நினைக்கிறார்கள், பார்த்தபின் என்ன நினைக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதிவிட்டு, சொல்ல வேண்டிய ஒரே விஷயத்தை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். நான் எழுதியது: "பாட்டியின் வாட்ஸ்அப் செய்தியை இனி பேரனே படிப்பான்." இரண்டு வாக்கியம் தேவைப்பட்டால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. கேரளத்தில் கடற்கரை, மலை, காயல், யானை என்று சொல்வதற்கு எத்தனையோ இருந்தும், 1989-இல் முத்ரா நிறுவனத்தின் வால்டர் மெண்டஸ், சுற்றுலாத் துறைக்கு 'காட்ஸ் ஓன் கன்ட்ரி' என்ற மூன்றே சொற்களைத் தந்தார். அது இன்றும் நிற்கிறது.

அடுத்து, மாற்றக் கூடாதவை. ஏ3 அளவில் போஸ்டர், வாட்ஸ்அப்பில் அனுப்பச் சதுரப் படம் ஒன்று, வெட்டுவதற்காகச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் கூடுதல் இடம், தேதி, நேரம், தொலைபேசி எண். எந்தப் படம், எந்த நிறம் என்பதை நான் எழுதவில்லை. அது அவர்கள் தொழில்.

தமிழுக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காதபோது கொம்பு இடம் மாறி, 'பே' என்பது எழுத்துக்குப் பின்னால் கொம்போடு நிற்கும். அவருக்கு அது தெரியாது. ஆகவே எழுத்துக்களை யூனிகோடில் கொடுத்து, சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்பதற்குப் படமாகவும் ஒரு பிரதி இணைத்தேன். அச்சுக்கு முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்றும் எழுதினேன். திருத்தம் இரண்டு முறை, சங்கத்தின் சார்பில் பேசுபவர் ஒருவர் மட்டுமே என்பது கடைசி வரி. ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொன்னால் போஸ்டரில் மறுபடியும் காளை வந்துவிடும்.

அனுப்புமுன் ஸ்லைடுகளைப் பார்க்காத என் மனைவியிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டேன். "பிள்ளைக்குப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்" என்றாள். அதுவே பரீட்சை.

இரண்டாவது போஸ்டரில் ஒரு சிறுவன் பாட்டியின் போனைக் கையில் வைத்து வாய்விட்டுப் படிக்கிறான். அவ்வளவுதான். ஆனால் எந்த பிரீஃபும் வகுப்பு நேரத்தை மாற்றாது. ஞாயிறு காலை டியூஷனோடு மோதுகிறது என்று 11-ஆவது ஸ்லைடே சொன்னது. அதைச் செயற்குழு மாலைக்கு மாற்றிய பிறகுதான் இந்த ஜூனில் 29 பிள்ளைகள் வந்து அமர்ந்தார்கள்.