30 சதவீதம் எங்கிருந்து வந்தது?

2013 பிப்ரவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழ் ஸ்பெயின் நாட்டு ஆய்வொன்றை வெளியிட்டது. பெயர் ‘பிரெடிமெட்’. மத்தியதரைக் கடல் பகுதி உணவோடு ஆலிவ் எண்ணெயோ கொட்டை வகைகளோ சேர்த்துச் சாப்பிட்டால் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை சுமார் 30 சதவீதம் குறைகின்றன என்றது அது. உலகமெங்கும் செய்தியானது. 2018 ஜூனில் ஆய்வாளர்களே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, திருத்திய வடிவத்தை அதே இதழில் வெளியிட்டார்கள். திருத்தத்திலும் எண்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. பிறகு எதற்குத் திரும்பப் பெற்றார்கள்?

மருத்துவக் கல்லூரிகளில் ‘ஜர்னல் கிளப்’ என்றொரு வழக்கம் உண்டு. பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் புதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை விளக்க, மற்றவர்கள் அதைக் குடைந்தெடுப்பார்கள். உணவு ஆய்வுகளைக் குடையப் பழக இதைவிட நல்ல கட்டுரை எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் முடிவுரையை விட்டுவிட்டு, யார் எந்தக் குழுவுக்குப் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆய்வில் 7,447 பேர். 55 முதல் 80 வயதுவரை உள்ளவர்கள். இதயநோய் இன்னும் வரவில்லை, ஆனால் சர்க்கரையோ வேறு ஆபத்துக் காரணிகளோ உண்டு. மூன்று குழுக்கள். ஒரு குழுவின் வீடுகளுக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இலவசம். இன்னொரு குழுவுக்குத் தினம் 30 கிராம் வால்நட், பாதாம், ஹேசல்நட். மூன்றாவது ஒப்பீட்டுக் குழு. கொழுப்பைக் குறைக்கச் சொல்லும் ஆலோசனை மட்டும், கூடவே சின்னச் சின்னப் பரிசுகள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். அப்போதுதான் வயது, எடை, பழக்கம், வசதி எல்லாம் மூன்று பக்கமும் சமமாகப் பரவும்; கடைசியில் தெரியும் வித்தியாசத்துக்கு உணவைக் காரணம் சொல்ல முடியும்.

இங்கிலாந்தைச் சேர்ந்த மயக்க மருந்து நிபுணர் ஜான் கார்லைல் 5,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் முதல் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டு, 2017-இல் வெளியிட்டார். ஆய்வு தொடங்கும்போது குழுக்கள் எப்படி இருந்தன என்று காட்டும் அட்டவணை அது. எல்லோரும் அவசரமாகப் புரட்டிவிட்டுப் போகும் பக்கம். நேர்மையான குலுக்கலில் குழுக்களுக்கிடையே சிறு வித்தியாசங்கள் இருந்தே தீரும், ஆனால் ஓர் அளவுக்குள் இருக்கும். அந்த அளவுக்குப் பொருந்தாத ஆய்வுகளில் பிரெடிமெட்டும் ஒன்று.

ஆய்வாளர்கள் திரும்பிப்போய்ப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவதாக ஒருவர் சேரும்போது, குலுக்காமலே முதலாமவரின் குழுவில் போட்டிருந்தார்கள். இப்படிச் சேர்ந்தவர்கள் 425 பேர். கணவருக்கு ஒரு சமையல், மனைவிக்கு ஒரு சமையல் என்று எந்த வீட்டில் நடக்கும்? நியாயமான காரணம்தான். ஆனால் அது குலுக்கல் இல்லை. முதல் கட்டுரையில் அதைச் சொல்லவும் இல்லை. இன்னோர் இடத்தில், பக்கத்து வீட்டுக்காரருக்கு இலவச எண்ணெய், எங்களுக்கு மட்டும் இல்லையா என்று மக்கள் முறையிட, அங்கிருந்த ஆய்வாளர் ஒரு மருத்துவமனைக்கு ஒரே உணவு என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டார். அங்கே 11 சிறு மருத்துவமனைகள், 467 பேர்.

இங்கேதான் சாய்வும் ஆள் எண்ணிக்கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. ஒரே மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு டாக்டர் ஒருவர், சந்தை ஒன்று, வாழ்க்கையும் கிட்டத்தட்ட ஒன்று. அவர்கள் எல்லோரும் ஒரே குழுவில் இருந்தால் 467 தனித்தனிச் சான்றுகள் இருப்பதாக எண்ண முடியாது. குலுக்கல் கணக்குப்படி அங்கே இருப்பவை 11 மருத்துவமனைகள்தாம். தலைகளை எண்ணி நிறையப் பேர் என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம்.

ஆள் எண்ணிக்கையில் இன்னொரு சங்கதியும் உண்டு. முதலில் 9,000 பேர் தேவை என்று திட்டமிட்டார்கள். பிறகு 7,400 போதும் என்று மாற்றினார்கள். ஆறு ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவில் 8.8 சதவீதம் பேருக்குப் பாதிப்பு வரும் என்பது எதிர்பார்ப்பு. வந்தது 4.4 சதவீதம். காரணம், இடைக்கால ஆய்வில் பலன் தெரிகிறது என்று 2011-இல் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பாதிப்புகளும் நினைத்ததைவிட மெதுவாகவே வந்துகொண்டிருந்தன. 7,447 பேரில் மொத்தப் பாதிப்புகள் 288. முடிவின் பலம் இந்த 288-இல்தான் இருக்கிறது. நல்ல எண் வந்த நேரத்தில் நிறுத்தும் ஆய்வுகள் பலனைக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவது வழக்கம் என்பதையும் ஜர்னல் கிளப்பில் யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும்.

இப்போது அந்த 30 சதவீதம். எண்ணெய்க் குழுவில் 96 பாதிப்புகள், கொட்டைக் குழுவில் 83, ஒப்பீட்டுக் குழுவில் 109. மூன்றிலும் ஆட்கள் ஏறக்குறைய சமம். 109-க்கு 96 என்றால் குறைவு 12 சதவீதம்தானே? 30 எப்படி வந்தது? ஒவ்வொருவரையும் எத்தனை ஆண்டு கண்காணித்தார்கள் என்பதையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆயிரம் பேரை ஓர் ஆண்டு கண்காணித்தால் ஒப்பீட்டுக் குழுவில் 11.2 பாதிப்புகள், எண்ணெய்க் குழுவில் 8.1, கொட்டைக் குழுவில் 8.0. மற்றக் காரணிகளையும் சரிக்கட்டினால் 30 கிடைக்கிறது. இது முறையான கணக்குதான். ஆனால் ஒப்பீட்டுக் குழுவைக் கண்காணித்த காலம் குறைவு. இடையில் காணாமல் போனவர்களும் அங்கேதான் அதிகம். 11.3 சதவீதம் பேர் கைவிட்டுப் போனார்கள், மற்ற இரண்டு குழுக்களில் 4.9 சதவீதம். எண்ணெயும் பாதாமும் கிடைத்தவர்கள் ஏன் போகப் போகிறார்கள்! போனவர்கள் ஆபத்து அதிகமுள்ளவர்கள் என்றும், அதனால் உணவின் பலன் உண்மையில் குறைத்தே காட்டப்பட்டிருக்கும் என்றும் ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். இருக்கலாம். ஆனால் போனவர்களுக்குப் பிறகு என்ன ஆனது என்பது கணக்கில் இல்லை.

288-ஐயும் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கவாதம் ஒப்பீட்டுக் குழுவில் 58, எண்ணெயில் 49, கொட்டையில் 32. மாரடைப்பு 38, 37, 31. எல்லாக் காரணங்களாலும் இறந்தவர்கள் 114, 118, 116. ‘இதயத்தைக் காக்கும் எண்ணெய்’ என்று விளம்பரம் எழுதுபவர்கள் இந்த அட்டவணையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. தெளிவாகக் குறைந்தது பக்கவாதம் மட்டுமே.

சந்தேகத்துக்குரிய 1,588 பேரை விலக்கிவிட்டு 2018-இல் மறுபடி கணக்கிட்டபோதும் திசை மாறவில்லை. வாசகம்தான் மாறியது. முதல் கட்டுரை, உணவு பாதிப்பைக் குறைத்தது என்று முடிந்தது. திருத்தியது, அந்த உணவுக்கு ஒதுக்கப்பட்டவர்களிடம் பாதிப்பு குறைவாக இருந்தது என்று முடிந்தது.

கடைசியாக, நம் ஓ.பி.க்கு வரும் சர்க்கரை நோயாளி, “நானும் ஆலிவ் எண்ணெய் வாங்கலாமா டாக்டர்?” என்று கேட்டால்? பிரெடிமெட்டில் எண்ணெயோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உணவு ஆலோசகரின் சந்திப்பும் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவுக்கு அதே அளவு கவனிப்பு 2006-க்குப் பிறகுதான் வந்தது. அந்தக் குழுவினரும் ஸ்பெயின்காரர்களே. ஆலிவ் எண்ணெய் அவர்கள் சமையலறையிலும் இருந்தது. கொழுப்பைக் குறைக்கச் சொல்லியும் அவர்களுக்குக் கொழுப்பிலிருந்து வந்த சக்தி 39 சதவீதத்திலிருந்து 37 ஆனதோடு சரி. ஆக, ஆலிவ் எண்ணெயைக் கொழுப்பு குறைந்த உணவோடு இந்த ஆய்வு ஒப்பிடவே இல்லை. மூன்று வேளையும் அரிசியும் இட்லியும் சாப்பிடுபவர், தாளிக்கும் எண்ணெயை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்று இதில் யாரும் சோதிக்கவில்லை. அவர் வாங்குவதும் இலவசம் இல்லை, தன் காசு. வாங்கினால் தப்பில்லை, ஆனால் 30 சதவீதத்தை நம்பி வாங்க வேண்டாம் என்பேன். சோற்றின் அளவைப் பற்றிப் பேச அடுத்த முறை சமைப்பவரையும் கூட்டிவரச் சொல்வேன்.