பில் இருக்கிறது, சரக்கு போய்ச் சேர்ந்ததா?

சட்டக் கல்லூரி மாதிரி நீதிமன்றத்துக்கென்று அமைத்த ஒரு வழக்கு. டைல்ஸ் வியாபாரி வாதி, கட்டட ஒப்பந்ததாரர் பிரதிவாதி. மூன்று பில், 4,86,000 ரூபாய் பாக்கி. பிரதிவாதிக்காக இறுதி வாதம் வைக்க எழும் மாணவர்களில் பலர் “எல்லாம் பொய்” என்றுதான் தொடங்குவார்கள். நீதிபதி அங்கேயே நம்பிக்கை இழப்பார்.

விவரம் தெரிந்தவர் வேறு மாதிரி தொடங்குவார்: “முதல் பில்லின் 1,62,000 ரூபாயை எதிருரையிலேயே ஒப்புக்கொண்டோம். டெலிவரி சலானில் எங்கள் சூப்பர்வைசர் கையெழுத்து இருக்கிறது. தகராறு மற்ற இரண்டில்தான்.” கொடுக்க வேண்டியதை ஒப்புக்கொண்டவர் மறுக்கும்போது அந்த மறுப்புக்கு எடை கூடுகிறது.

மூன்றாவது பில் 1,76,000 ரூபாய். அதற்குச் சலானே இல்லை. வாதியின் கணினிக் கணக்கிலிருந்து எடுத்த பிரிண்ட் மட்டும்தான். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 28-ஆம் பிரிவு இங்கே கைகொடுக்கும். கணக்குப் புத்தகப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம். அதை மட்டும் வைத்து ஒருவர் மீது கடனைச் சுமத்த முடியாது. தன் கணக்கில் தானே எழுதிக்கொண்டது தனக்கே சாட்சியாகிவிடக் கூடாது என்பதுதான் காரணம். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு லாரியில் போனால் பொதுவாக இ-வே பில் வேண்டும். அதுவும் தாக்கலாகவில்லை. கையில் இருக்க வேண்டிய ஆவணத்தை ஒருவர் காட்டாவிட்டால், அது அவருக்குப் பாதகமானது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம்.

கணினிப் பிரிண்டுக்கு 63-ஆம் பிரிவின்படி சான்றிதழும் வேண்டும். பழைய சட்டத்தில் இதே தேவை கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. ஆனால் பிரிண்டைச் சான்றாவணமாகக் குறித்தபோது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இறுதி வாதத்தில் இதைக் கிளப்பினால், “அன்று ஏன் ஆட்சேபிக்கவில்லை?” என்ற கேள்வி வரும்.

இரண்டாவது பில், 1,48,000 ரூபாய், உண்மையில் சிக்கலானது. சலானில் கையெழுத்து இருக்கிறது. யாருடையது என்று குறுக்கு விசாரணையில் வாதியால் சொல்ல முடியவில்லை. “சைட்டில் இருந்த ஆள் போட்டார்” என்றார். லாரி டிரைவரையும் விசாரிக்கவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு வாதியுடையது என்பதால், பிரதிவாதி வக்கீல் இந்த இடத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். சாட்சி சொன்ன சொற்களையே வாக்குமூலத்திலிருந்து படித்துக் காட்ட வேண்டும்.

அதே ஓட்டை அவரையும் விழுங்கலாம். சரக்கு வரவில்லை என்று எதிருரையில் குறிப்பாக மறுத்திருக்க வேண்டும். பட்டும்படாமல் மறுத்திருந்தால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஒப்பந்ததாரர் கூண்டில் ஏறாமல் இருந்துவிட்டால் அதுவும் அவருக்கு எதிராகப் போகும். “உங்கள் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ‘இது என் கையெழுத்தல்ல’ என்று ஏன் சொல்ல வைக்கவில்லை?” என்று நீதிபதி கேட்டால், டிரைவர் வராததைப் பற்றிய வாதம் பாதியாகக் குறைந்துவிடும்.